தேர்தலுக்கு முன் நண்பர்களுக்கு ஒரு நினைவூட்டல்: கட்சி பேசாமல் எழுதுவது எப்படி?

‘தவறாமல் வாக்களியுங்கள்’ என்று எழுதி நண்பர்கள் எல்லோருக்கும் ஒரே நேரத்தில் அனுப்பிவிடுவதுதான் பெரும்பாலோர் செய்வது. அந்த வரியை யாரும் மறுப்பதில்லை, அதனால் அது யாரையும் அசைப்பதுமில்லை. வாக்களிக்க வேண்டும் என்று உங்கள் நண்பருக்கு ஏற்கெனவே தெரியும். அவரைத் தடுப்பவை வேறு. வீடு மாறிய பிறகு பட்டியலில் பெயர் எந்த முகவரியில் இருக்கிறது என்று அவர் பார்த்திருக்க மாட்டார். வாக்குப்பதிவு நாளில் அவருக்குக் காலை முதல் இரவு வரை வேலை இருக்கும். எந்த ஆவணத்தைக் கொண்டுபோக வேண்டும் என்பதில் சந்தேகம் இருக்கும். இப்படிப்பட்ட சின்ன முடிச்சுகளில் ஒன்றையாவது அவிழ்த்துக் கொடுப்பதே நினைவூட்டலின் வேலை.

முதல் முறையாக நண்பர்களுக்கு இப்படி எழுத நினைப்பவர்களுக்காக இதை எழுதுகிறேன். நீங்கள் எந்தக் கட்சியை ஆதரித்தாலும் சரி, எதையும் ஆதரிக்காவிட்டாலும் சரி. இந்த ஒரு வேலையைச் செய்யும்போது அந்த விருப்பத்தை ஓரமாக வைத்துவிட முடியும். அப்படி வைத்துவிட்டு எழுதும் செய்திக்குத்தான் எல்லா நண்பர்களும் காது கொடுப்பார்கள்.

எழுதுவதற்கு முன்: நான்கு தகவல்கள்

முதலில் உங்கள் தேர்தல் ஆணையத்தின் அதிகாரப்பூர்வ இணையதளத்துக்குச் சென்று நான்கு விஷயங்களைப் பார்த்துக்கொள்ளுங்கள்: பட்டியலில் பெயர் சேர்க்கவும் திருத்தவும் கடைசி நாள், வாக்குப்பதிவு நாளும் நேரமும், ஏற்றுக்கொள்ளப்படும் அடையாள ஆவணங்கள், வாக்குப்பதிவு நாளுக்கு முன்பே வாக்களிக்க வழி உண்டா என்பது. நான்காவதில் அஞ்சல் வாக்கும் அடங்கும், முன்கூட்டியே நேரில் சென்று வாக்களிப்பதும் அடங்கும். சில நாடுகளில் இவை எல்லோருக்கும் திறந்திருக்கின்றன. வேறு சில நாடுகளில் குறிப்பிட்ட பிரிவினருக்கு மட்டுமே கிடைக்கின்றன.

பிறகு அதே தளத்தில் உங்கள் சொந்தப் பெயரைத் தேடிப் பாருங்கள். எந்தப் பக்கத்தில் தேட வேண்டும், என்னென்ன விவரம் கேட்கிறது, முடிவு எப்படிக் காட்டப்படுகிறது என்பதை நீங்களே ஒருமுறை செய்து பார்த்தால்தான் நண்பர் குழம்பும்போது வழி சொல்ல முடியும்.

வாக்காளர் அடையாள அட்டை கையில் இருந்தால் போதும் என்று பலர் நம்பிக்கொண்டிருக்கிறார்கள். இந்தியாவில் அப்படி இல்லை. அட்டை என்பது நீங்கள் யார் என்று காட்டும் ஆவணம் மட்டுமே. வாக்களிக்கும் தகுதி பட்டியலில் பெயர் இருப்பதிலிருந்து வருகிறது. அட்டையுடன் வரிசையில் நின்று, பெயர் இல்லை என்று தெரிந்து திரும்புகிறவர்களுக்கு அன்றைக்கு யாராலும் உதவ முடியாது. ஆகவே நண்பரிடம் ‘அட்டை இருக்கிறதா?’ என்று கேட்காமல் ‘பட்டியலில் பெயரைப் பார்த்துவிட்டாயா?’ என்று கேளுங்கள்.

தகவலை அதிகாரப்பூர்வ இடத்திலிருந்து மட்டுமே எடுக்க வேண்டும் என்பதில் நான் பிடிவாதமாக இருக்கிறேன். யாரோ அனுப்பிய அழகான படத்தில் தேதி சரியாகவே இருக்கலாம். ஆனால் சென்ற தேர்தலில் செய்த படமாகவும் இருக்கலாம், வேறொரு மாநிலத்துக்கான தேதியாகவும் இருக்கலாம், வேண்டுமென்றே திரித்ததாகவும் இருக்கலாம். 2011இல் கனடாவின் நாடாளுமன்றத் தேர்தலின்போது குவெல்ஃப் தொகுதியில் வாக்காளர்களுக்குத் தானியங்கித் தொலைபேசி அழைப்புகள் வந்தன. அவர்களின் வாக்குச்சாவடி மாற்றப்பட்டிருப்பதாகத் தேர்தல் அமைப்பே சொல்வதுபோல் அந்தக் குரல் பேசியது. அது பொய். பிறகு அது வழக்காகி ஒருவர் தண்டிக்கப்பட்டார். பொய்த் தகவலைப் பரப்புகிறவர்கள் அதையும் உதவிபோலவே அனுப்புகிறார்கள் என்பதால், உங்கள் செய்தியில் வாக்குச்சாவடி எது என்று நீங்களாகச் சொல்ல வேண்டாம். எங்கே பார்த்துக்கொள்வது என்று மட்டும் சொல்லுங்கள்.

எப்போது அனுப்புவது

மூன்று முறை எழுதினால் போதும். முதலாவது, பட்டியல் மூடப்படுவதற்கு முன். இரண்டாவது, வாக்குப்பதிவுக்கு ஏறத்தாழ ஒரு வாரம் இருக்கும்போது. மூன்றாவது, முந்தைய நாள். இவற்றில் முதலாவதே மிகவும் பயன் தருவது. ஆனால் கிட்டத்தட்ட யாரும் அதை அனுப்புவதில்லை. தேர்தல் பேச்சு சூடுபிடிக்கும்போதுதான் நமக்கு நினைவு வருகிறது. அதற்குள் பட்டியல் மூடப்பட்டிருக்கும்.

இந்தக் கெடு நாட்டுக்கு நாடு மாறுகிறது. பிரிட்டனில் வாக்குப்பதிவுக்கு 12 வேலை நாட்களுக்கு முன்பே பதிவு செய்திருக்க வேண்டும். இந்தியாவில் வேட்புமனுத் தாக்கலின் கடைசி நாளுக்குப் பிறகு அந்தத் தேர்தலுக்காகப் பட்டியலில் பெயர் சேர்க்க முடியாது. விண்ணப்பத்தைச் சரிபார்க்கவும் நாட்கள் தேவை என்பதால் நடைமுறையில் அதற்கும் பல நாட்கள் முன்னதாக விண்ணப்பித்திருக்க வேண்டும். கனடாவில் உரிய ஆவணங்களோடு போனால் வாக்குச்சாவடியிலேயே பதிவு செய்துகொள்ளலாம். உங்கள் நண்பர்கள் பல நாடுகளில் சிதறியிருந்தால் ஒரே செய்தியை எல்லோருக்கும் அனுப்பாதீர்கள். ஓர் ஊரின் கெடுவை இன்னோர் ஊர்க்காரர் நம்பிவிட்டால் நீங்கள் செய்த உதவியே அவருடைய வாக்கைப் பறித்துவிடும்.

அஞ்சல் வாக்குக்கும் இதேபோல் தனிக் கவனம் வேண்டும். சில இடங்களில் குறித்த நாளுக்குள் தபாலில் சேர்த்தாலே போதும். பிரிட்டனில் வாக்குப்பதிவு நாள் இரவு 10 மணிக்குள் வாக்குச்சீட்டு அதிகாரிகளின் கைக்கு வந்து சேர்ந்திருக்க வேண்டும். ‘அனுப்பும் நாள்’, ‘சேரும் நாள்’ என்ற இரண்டில் எது கணக்கு என்று நண்பரைப் பார்த்துக்கொள்ளச் சொல்லுங்கள்.

செய்தியை எழுதுவது

ஒரு மாதிரியை எடுத்துக்கொள்வோம். பழைய வகுப்புத் தோழர்கள் சிலர் சேர்ந்த குழுவில் ஒருவர் இப்படி எழுதுகிறார் என்று வைத்துக்கொள்ளுங்கள்:

‘நண்பர்களே, இந்தத் தேர்தல் நம் எதிர்காலத்தைத் தீர்மானிக்கப் போகிறது. கடந்த ஐந்து ஆண்டுகளில் நாம் பட்டது போதும். சிந்தித்து, நேர்மையானவர்களுக்கு வாக்களியுங்கள். எப்போதும்போல் வீட்டில் உட்கார்ந்துவிடாதீர்கள்!’

இதில் எந்தக் கட்சியின் பெயரும் இல்லை. எழுதியவர் நடுநிலையாக எழுதியதாகவே நினைப்பார். ஆனால் ‘பட்டது போதும்’ என்ற இரண்டு சொற்களில் ஆளும் கட்சிக்கு எதிரான வாக்கு கேட்கப்பட்டுவிட்டது. அதுபோலவே ‘வளர்ச்சி தொடரட்டும்’ என்று எழுதினால் ஆளும் கட்சிக்கு ஆதரவு கேட்டதாகிவிடும். ‘மாற்றம்’, ‘பாதுகாப்பு’, ‘நிலையான ஆட்சி’ போன்ற சொற்கள் அகராதியில் பொதுவானவை. தேர்தல் காலத்தில் அவை ஏதோ ஒரு மேடைக்குச் சொந்தமாகிவிடுகின்றன. அந்தந்தத் தேர்தலில் எந்தச் சொல் யாருடைய முழக்கம் என்று பார்த்து அதை விலக்க வேண்டும்.

‘நேர்மையானவர்களுக்கு வாக்களியுங்கள்’ என்பது இன்னும் நுட்பமானது. குழுவில் எல்லோருக்கும் எழுதியவரின் சாய்வு தெரியும். யாரை அவர் நேர்மையானவர் என்கிறார் என்று சொல்லாமலே விளங்கிவிடும். மேலும், எந்த அளவுகோலால் தேர்ந்தெடுக்க வேண்டும் என்று சொல்வதும் தேர்வில் கை வைப்பதுதான். நினைவூட்டுகிறவரின் வேலை நண்பரை வாக்குச்சாவடி வாசல்வரை கொண்டு சேர்ப்பது. உள்ளே என்ன செய்ய வேண்டும் என்பதைப் பற்றி அவர் ஒரு சொல்லும் சொல்லக் கூடாது.

கடைசி வரியில் ‘எப்போதும்போல் வீட்டில் உட்கார்ந்துவிடாதீர்கள்’ என்று ஒரு குத்தல் இருக்கிறது. அதைப் பற்றிப் பின்னால் சொல்கிறேன்.

படங்களும் சின்னங்களும் பேசும். செய்தியோடு சேர்த்த படத்தின் நிறம், ஒரு பூ, ஒரு கை, ஒரு விலங்கு என்று எதுவும் ஏதாவது ஒரு கட்சியின் அடையாளமாக இருக்கக்கூடும். படமே இல்லாமல் எழுதுவது நல்லது. அதேபோல் செய்தியில் ஒரே ஒரு இணைப்பு போதும், அது தேர்தல் ஆணையத்தினுடையதாக இருக்கட்டும். செய்தித்தாள் கட்டுரையின் இணைப்பு வைத்தால் பேச்சு அந்தக் கட்டுரையின் பக்கம் திரும்பிவிடும்.

இப்போது அதே செய்தியை வேறு விதமாகப் பார்க்கலாம். இது குழுவுக்குப் பொதுவாக அனுப்பப்படாமல் ஒரு நண்பருக்குத் தனியாக அனுப்பப்படுகிறது:

‘வாக்குப்பதிவு அடுத்த வியாழக்கிழமை. நீ வீடு மாறினாயே, பட்டியலில் எந்த முகவரியில் பெயர் இருக்கிறது என்று பார்த்துவிட்டாயா? தேர்தல் ஆணையத்தின் தளத்தில் பெயரைப் போட்டுத் தேடினால் வாக்குச்சாவடியும் தெரிந்துவிடும். அன்றைக்கு உனக்கு எந்த ஷிப்ட்? வேலைக்கு முன்னால் போவாயா, பின்னால் போவாயா? நான் காலையிலேயே போகிறேன்.’

இதில் அறிவுரை இல்லை. நண்பரின் நிலைமை தெரிந்தவர் மட்டுமே எழுதக்கூடிய கேள்விகள் இருக்கின்றன. பதில் எழுதாமல் கடந்துபோவது அவருக்கு எளிதாக இருக்காது.

எழுதி முடித்ததும் ஒரு சோதனை செய்து பாருங்கள். உங்களுக்கு நேர் எதிரான கட்சிக்கு வாக்களிப்பார் என்று உங்களுக்கு உறுதியாகத் தெரிந்த ஒரு நண்பரை நினைத்துக்கொள்ளுங்கள். இந்தச் செய்தியை ஓர் எழுத்தும் மாற்றாமல் அவர் தன் நண்பர்களுக்கு அனுப்புவாரா? தயங்குவார் என்று எந்த இடத்தில் தோன்றுகிறதோ அந்த இடத்தை வெட்டிவிடுங்கள்.

இந்தச் சோதனையில் தேறிய செய்தியும் ஒரு விதத்தில் கட்சிச் செய்தியாகிவிடலாம். அதை யாருக்கு அனுப்புகிறீர்கள் என்பதைப் பொறுத்தது அது. உங்கள் எண்ணத்தோடு ஒத்துப்போகிறவர்களுக்கு மட்டும் அனுப்பிவிட்டு, மற்றவர்கள் மறந்துபோனால் போகட்டும் என்று விட்டுவிட்டால், சொற்கள் எவ்வளவு நடுநிலையாக இருந்தாலும் செய்தது கட்சி வேலைதான். கட்சிகளின் தொண்டர்கள் அப்படித்தான் செய்வார்கள். தங்கள் ஆதரவாளர்களைத் தேடிப்பிடித்து வாக்குச்சாவடிக்கு அழைத்துப்போவது அவர்களின் உரிமை, அதில் தவறில்லை. ஆனால் அதை நடுநிலை என்று சொல்லிக்கொள்ளக் கூடாது. ஆகவே நினைவூட்டப் போகும் நண்பர்களின் பட்டியலை எழுதும்போது உங்களோடு அரசியலில் மோதுகிறவர்கள் அதில் இருக்கிறார்களா என்று பாருங்கள். அவர்களுக்கும் அதே செய்தியை, அதே நாளில், அதே அக்கறையோடு அனுப்புங்கள்.

கேள்வி ஏன் வேலை செய்கிறது

2008இல் அமெரிக்காவின் பென்சில்வேனியா மாநிலத்தில் ஒரு கட்சியின் வேட்பாளரைத் தேர்ந்தெடுக்கும் முதன்மைத் தேர்தல் நடந்தது. அப்போது டேவிட் நிக்கர்சன், டாட் ராஜர்ஸ் என்ற இரண்டு ஆய்வாளர்கள் ஒரு பெரிய சோதனையைச் செய்தார்கள். ஏறத்தாழ 2,87,000 வீடுகள் அதில் அடங்கியிருந்தன. சிலருக்குத் தொலைபேசியில் வழக்கமான ஊக்கச் சொற்கள் சொல்லப்பட்டன. சிலரிடம் வாக்களிப்பீர்களா என்று மட்டும் கேட்கப்பட்டது. சிலரிடம் அதற்கு மேலும் மூன்று கேள்விகள் கேட்கப்பட்டன: எத்தனை மணிக்குப் போவீர்கள், எங்கிருந்து கிளம்புவீர்கள், அதற்கு முன் என்ன செய்துகொண்டிருப்பீர்கள்.

அந்த மூன்று கேள்விகளைக் கேட்டுப் பேசியவர்களிடையே வாக்களித்தவர்களின் விகிதம் ஏறத்தாழ 4 சதவீதப் புள்ளி உயர்ந்தது. வாக்காளர் ஒருவர் மட்டுமே இருக்கும் வீடுகளில் அது 9 புள்ளியாக இருந்தது. ஒன்றுக்கு மேற்பட்ட வாக்காளர்கள் உள்ள வீடுகளில் குறிப்பிடத்தக்க மாற்றம் எதுவும் தெரியவில்லை. அங்கே ‘எப்போது போகலாம்?’ என்று யாராவது ஒருவர் மற்றவரைக் கேட்டிருப்பார்கள், திட்டம் ஏற்கெனவே உருவாகியிருக்கும் என்பது ஆய்வாளர்களின் விளக்கம். வாக்காளர் ஒருவரே இருக்கும் வீட்டில் அந்தக் கேள்வியைக் கேட்க ஆள் இல்லை.

இதிலிருந்து நமக்குக் கிடைப்பது நேரடியான பாடம். நேரம் குறைவாக இருந்தால் தனியாக வசிக்கும் நண்பர்களிடமிருந்து தொடங்குங்கள். புது ஊருக்கு வேலைக்குப் போனவர், விடுதியில் இருப்பவர், பிள்ளைகள் வெளியூரில் இருக்கும் வயதானவர் ஆகியோருக்கு உங்கள் செய்தி மற்றவர்களுக்குப் பயன்படுவதைவிட அதிகமாகப் பயன்படும்.

கேள்வி கேட்பதன் பலன் பதிலில்தான் இருக்கிறது. ‘போவேன்’ என்று நண்பர் சொன்னால் அதோடு நிறுத்திவிடாதீர்கள். அது திட்டமாகிவிடவில்லை. ‘வேலை முடிந்து ஐந்தரைக்குக் கிளம்பி நேரே அங்கே போவேன்’ என்பது திட்டம். அதைச் சொல்லும்போதே அவருக்குச் சிக்கல்கள் தாமாகத் தட்டுப்படும்: ஐந்தரைக்குக் கிளம்பினால் நேரம் முடிவதற்குள் போய்ச் சேர முடியுமா, அலுவலகத்துக்கு ஆவணத்தை எடுத்துப்போக வேண்டுமே, குழந்தையை யார் பார்த்துக்கொள்வார்கள் என்றெல்லாம் அப்போதுதான் யோசிப்பார். ஒரு வாரம் முன்பே இவை தெரிந்தால் தீர்க்க நேரம் இருக்கும்.

குத்தலும் புலம்பலும் வேண்டாம்

வெட்கப்பட வைத்தால் மக்கள் வாக்களிக்கிறார்கள் என்பது உண்மைதான். 2006இல் மிச்சிகன் மாநிலத்தில் நடந்த சோதனை ஒன்றில், யார் யார் முந்தைய தேர்தல்களில் வாக்களித்தார்கள், யார் வாக்களிக்கவில்லை என்பதை அக்கம்பக்கத்தார் பெயரோடு குறிப்பிட்டுக் கடிதம் அனுப்பினார்கள். இந்தத் தேர்தலுக்குப் பிறகும் இப்படி அனுப்புவோம் என்று அதில் எழுதியிருந்தது. வாக்களித்தவர்கள் ஏறத்தாழ 8 சதவீதப் புள்ளி அதிகரித்தார்கள். இதைப் படித்துவிட்டு நண்பர்கள் குழுவில் ‘யார் யார் போட்டீர்கள், கை தூக்குங்கள்’ என்று தொடங்க நினைப்பவர்கள் இருக்கிறார்கள். வேண்டாம் என்று அழுத்தமாகச் சொல்கிறேன். முகம் தெரியாத ஆய்வுக்குழு அனுப்பும் கடிதத்தின் மேல் வரும் கோபம் அந்தக் கடிதத்தோடு போய்விடும். நண்பர் செய்தால் அது நட்பில் தங்கிவிடும். அதோடு, வாக்களிக்காததற்கு உடல்நலம், குடும்பச் சிக்கல், குடியுரிமை நிலை என்று பலர் பொதுவில் சொல்ல விரும்பாத காரணங்கள் இருக்கலாம். மாதிரிச் செய்தியின் கடைசி வரி அதனால்தான் தவறு.

‘நம் மக்களில் பாதிப்பேர் வாக்களிப்பதே இல்லை’ என்ற புலம்பலும் எதிர்பார்த்ததற்கு எதிரான பலனைத் தரக்கூடியது. எல்லோரும் செய்யாத ஒன்றைத் தானும் செய்யாவிட்டால் என்ன என்ற எண்ணத்தையே அது விதைக்கிறது. நிறையப் பேர் வாக்களிக்கப் போகிறார்கள் என்ற செய்தியைக் கேட்டவர்களிடம், குறைவான பேரே வாக்களிப்பார்கள் என்று கேட்டவர்களைவிட வாக்களிக்கும் விருப்பம் கூடுதலாக இருந்ததை ஆய்வுகள் காட்டியிருக்கின்றன.

அதற்குப் பதிலாக ‘நான் போகிறேன்’ என்று உங்களைப் பற்றிச் சொல்லுங்கள். 2010 நவம்பர் 2 அன்று அமெரிக்க நாடாளுமன்றத் தேர்தல் நாளில் ஃபேஸ்புக்கில் ஏறத்தாழ 6.1 கோடிப் பேரை உள்ளடக்கிய சோதனை நடந்தது. வாக்களிக்கும்படி வெறும் தகவலாகக் காட்டிய செய்தி, வாக்குப்பதிவில் எந்த மாற்றத்தையும் ஏற்படுத்தவில்லை. வாக்களித்துவிட்டதாகச் சொன்ன நண்பர்களின் முகங்களோடு காட்டிய செய்தி சிறிய அளவில் பலன் தந்தது. அதிலும் நெருங்கிய நண்பர்களிடையேதான் தாக்கம் பரவியது. ஆயிரம் பேருக்குப் போகும் பொதுச் செய்தியைவிட, நெருங்கிய பத்துப் பேருக்குத் தனித்தனியாக எழுதுவது மேல் என்று நான் நம்புவதற்கு இதுவும் ஒரு காரணம்.

பதில்கள் வரும்போது

அந்த வகுப்புத் தோழர்களில் மூன்று பேர் பதில் எழுதுகிறார்கள் என்று வைத்துக்கொள்வோம்.

முதலாமவர், ‘பெயர் பழைய முகவரியில்தான் இருக்கிறது’ என்கிறார். திருத்தும் கெடு முடியவில்லை என்றால் அன்றைக்கே விண்ணப்பிக்கச் சொல்லுங்கள், விண்ணப்ப எண்ணைக் குறித்துவைக்கச் சொல்லுங்கள். கெடு முடிந்திருந்தால், பழைய முகவரிக்குரிய வாக்குச்சாவடியில் வாக்களிக்க விதி இடம் தருகிறதா என்று தேர்தல் அலுவலகத்திடம் அவரே கேட்டுக்கொள்ள வேண்டும். இங்கே ஊகமாகப் பதில் சொல்லாதீர்கள். சில இடங்களில் அது அனுமதிக்கப்படுகிறது, சில இடங்களில் அங்கே குடியிருக்காமல் வாக்களிப்பது குற்றம். உதவி எண் கொடுப்பதோடு உங்கள் பங்கு முடிந்தது.

இரண்டாமவர், ‘யாருக்குப் போடலாம், நீயே சொல்’ என்கிறார். மிகவும் கடினமான பதில் இதுதான், ஏனென்றால் அவரே கேட்கிறார், உங்களுக்கும் சொல்ல ஆசை இருக்கும். நினைவூட்டல் என்று தொடங்கிய பேச்சில் இதற்குப் பதில் சொல்லாதீர்கள். சொன்னால், நீங்கள் எழுதியதெல்லாம் இந்த இடத்துக்கு வந்து சேரத்தான் என்று அவர் நினைத்தால் அதில் நியாயம் இருக்கும். ‘அது உன் முடிவு. உன் தொகுதியில் யார் யார் நிற்கிறார்கள் என்று ஆணையத்தின் தளத்தில் பட்டியல் இருக்கிறது, பார்த்துவிடு’ என்று எழுதலாம். இந்தியா போன்ற நாடுகளில் வேட்பாளர்கள் தாக்கல் செய்த சொத்து, வழக்கு விவரங்கள் அடங்கிய உறுதிமொழிப் பத்திரங்களும் அதே தளத்தில் பொதுவில் கிடைக்கின்றன. ஒரு கட்சியின் அறிக்கையை மட்டும் அனுப்பிவைக்காதீர்கள். அனுப்புவதானால் எல்லாக் கட்சிகளின் அறிக்கைகளும் ஒரே இடத்தில் கிடைக்கும் பக்கத்தைக் காட்டுங்கள்.

மூன்றாமவர், ‘யார் வந்தாலும் ஒன்றுதான், நான் போகப் போவதில்லை’ என்கிறார். இது மறதியால் வந்தது இல்லை. யோசித்து எடுத்த முடிவு. அதை உடைக்க வாதாடினால் உடனே கட்சிகளைப் பற்றிப் பேச வேண்டிவரும், அங்கே உங்கள் நடுநிலை முடிந்துவிடும். ‘உன் எண்ணம் புரிகிறது. மனம் மாறினால் நேரம் இத்தனை மணிவரை’ என்று ஒரு வரி எழுதி விட்டுவிடுங்கள். வாக்குச்சாவடிக்குப் போயும் யாரையும் தேர்ந்தெடுக்காமல் வரும் வழி அங்கே இருந்தால் அதைத் தகவலாகச் சொல்லலாம். இந்தியாவில் 2013 முதல் ‘நோட்டா’ என்ற பொத்தான் இருக்கிறது. ஆஸ்திரேலியா போல வாக்களிப்பது கட்டாயமான நாடாக இருந்தால், வராதவருக்கு அபராதம் உண்டு என்பதையும் நினைவூட்டலாம்.

முந்தைய நாளும் வாக்குப்பதிவு நாளும்

மூன்றாவது செய்தி இரண்டு வரிகளுக்கு மேல் போகக் கூடாது. நண்பர் தானே சொன்ன திட்டத்தை அவருக்குத் திரும்பச் சொல்லுங்கள்: ‘நாளை ஐந்தரைக்குக் கிளம்புவதாகச் சொன்னாய். ஆவணத்தைப் பையில் வைத்துவிட்டாயா?’ அவ்வளவுதான்.

சட்டம் தொடர்பாகச் சில எச்சரிக்கைகள். பல நாடுகளில் வாக்குப்பதிவுக்கு முன் பிரசாரம் ஓய வேண்டிய நேரம் இருக்கிறது. இந்தியாவில் அது வாக்குப்பதிவு முடியும் நேரத்துக்கு முந்தைய 48 மணி நேரம், சிங்கப்பூரில் அதற்கென்றே ஒரு நாள். நடுநிலையான நினைவூட்டல் பிரசாரமாகாது என்றாலும், அந்த நேரத்தில் உங்கள் செய்திக்குக் கீழே நண்பர்கள் கட்சி பேசத் தொடங்கினால் நிலைமை மாறிவிடும். தனிச் செய்தியாக எழுதுவதற்கு இதுவும் ஒரு காரணம்.

வாக்களித்தால் விருந்து தருகிறேன், பரிசு தருகிறேன் என்று அன்பால்கூடச் சொல்லாதீர்கள். எந்தக் கட்சிக்கு என்று சொல்லாவிட்டாலும், வாக்களிப்பதற்காகப் பொருளோ பணமோ தருவது இந்தியச் சட்டத்திலும் அமெரிக்கக் கூட்டாட்சித் தேர்தல்களிலும் குற்றமாகக் கருதப்படுகிறது. வாகனத்தில் அழைத்துப்போக நினைப்பவர்களும் உள்ளூர் விதியைப் பார்த்துக்கொள்ள வேண்டும். உங்களோடு வரும் ஒரு நண்பருக்கு வண்டியில் இடம் கொடுப்பதில் சிக்கல் இருக்காது. பலரை ஏற்றிப்போக ஏற்பாடு செய்தால் அது வேறு பொருளில் பார்க்கப்படலாம்.

வாக்குச்சீட்டையோ இயந்திரத்தையோ படம் எடுத்து அனுப்பும்படி கேட்காதீர்கள், யாராவது அனுப்பினாலும் பகிராதீர்கள். பல நாடுகளில் அது குற்றம். அதைவிட முக்கியம், யாருக்கு வாக்களித்தார் என்பது அவரிடமே இருக்க வேண்டியது. போய் வந்தாயா என்று கேட்கலாம், அதற்கு மேல் கேட்க ஒன்றும் இல்லை.

மாலையில், வேலை முடிந்து போவதாகச் சொன்ன நண்பருக்கு மட்டும் ஒருமுறை எழுதுங்கள். நேரம் முடிவதற்குள் அவர் வரிசையில் சேர்ந்துவிட்டால் போதும் என்பதை நினைவூட்டுங்கள். இந்தியா, பிரிட்டன், அமெரிக்கா உள்ளிட்ட நாடுகளில் வாக்குப்பதிவு முடியும் நேரத்தில் வரிசையில் நின்றுகொண்டிருப்பவர்கள் எல்லோரும் வாக்களிக்க அனுமதிக்கப்படுகிறார்கள். இது தெரியாமல், நீண்ட வரிசையையும் கடிகாரத்தையும் பார்த்துவிட்டுத் திரும்பிப் போகிறவர்கள் உண்டு. ‘வரிசையை விட்டு நகராதே, கேட்டால் நேரத்துக்கு முன்பே வந்துவிட்டேன் என்று அலுவலரிடம் சொல்’ என்று அந்த நேரத்தில் எழுதுங்கள்.